மேல் ஆணியின் இழுவை

அலுவிகாரையில் லாபிரின் பலசரக்குக் கடையில் என் தம்பி அந்தோனிமுத்து அடித்த சுவர் இறாக்கையில் ஒரு தட்டு ஞாயிறு காலையில் முன்பக்கம் சாய்ந்து, நெல்லிரசப் போத்தல்கள் தரையில் உடைந்தன. மற்ற தட்டுகளையும் கழற்றிவிட்டு யட்டவத்தையிலிருந்து வேறு தச்சு பாஸைக் கூப்பிடப் போவதாக லாபிர் சொல்லி அனுப்பினார். எங்கள் குடும்பம் செய்த வேலையை இன்னொருவன் கழற்றுவதா? தம்பியையும் அவன் மகள் டிலுக்ஷியையும் கூட்டிக்கொண்டு நானே போனேன்.

சுவர் பூச்சு சரியில்லை என்றேன். லாபிர் சிரித்தார்.

“அண்ணே, அப்ப கீழ் ஆணி மட்டும் ஏன் புடிச்சிட்டு நிக்குது?”

டிலுக்ஷி பலகைக்கு அடியில் குனிந்தாள். மேல் ஆணிகள் பூச்சோடு பிடுங்கி வந்திருந்தன. கீழே, மரத் தாங்கியின் நுனி சுவரில் பள்ளமாய்ப் பதிந்திருந்தது.

தாங்கிக்கு மூலைமட்டம் போல இரண்டு கைகள், ஒன்று சுவரில் நிற்க, ஒன்று பலகையைத் தாங்க: ஒன்று ஐந்து அங்குலம், மற்றது பத்து. நீளமானதைச் சுவரில் வைப்பதுதான் எங்கள் வழக்கம். கீழ்த்தட்டில் உயரப் போத்தல் நிற்க இடம் வேண்டுமென்று லாபிர் கேட்டதால் தம்பி குட்டைக் கையைச் சுவரில் வைத்திருந்தான். நீளக் கை பலகையை நன்றாகத் தாங்கும் என்றும் நினைத்தானாம்.

டிலுக்ஷி ஒரு தாங்கியைக் கழற்றி வெளியே ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். கீழ்நுனியை ஜன்னல் திண்டின் மேல் ஊன்றி, ஜன்னல் கம்பியோடு சாய்த்தாள். மேல் துளையில் கயிறு கட்டி, கடையின் கொக்கித் தராசில் மாட்டி, உள்ளேயிருந்து என்னை நேராக இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். கம்பியிலிருந்து நாலு அங்குலம் தள்ளி ஐந்து கிலோ சீனியைத் தொங்கவிட்டாள். தராசு ஏறக்குறைய நாலு கிலோ காட்டியது. தாங்கியைத் திருப்பி நீளக் கையை நிறுத்தினாள். சீனி அதே தூரம். தராசு இரண்டில் நின்றது. என் கைக்கே வித்தியாசம் தெரிந்தது.

“பெரியப்பா, பாரம் கீழ்நுனியைச் சுத்தித்தான் கவுக்கப் பாக்குது. மேல் ஆணிதான் எதுத்து இழுக்கணும். அது நுனியிலருந்து ரெட்டிப்பு உசரத்துல இருந்தா, பாதி இழுவை போதும்.”

“ஒன் அப்பன் ஏன் இத சொல்லல?” என்று டிலுக்ஷியிடம் கேட்டார் லாபிர்.

“எனக்கே இப்பதான் வெளங்குது, மொதலாளி,” என்றான் தம்பி. “நீளத்த சுவத்துல வைக்கணும்னு தெரியும். ஏன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா நீங்க கேட்டப்ப திருப்பியிருக்கமாட்டேன்.”

பிடுங்கிய துளைகளை விட்டு, புதிய இடத்தில் ஆணி பிடிக்க மரமுளை அடித்து, எல்லாத் தாங்கிகளையும் நீளக் கை சுவரில் படும்படி மாற்றினோம். உயரப் போத்தல்கள் தரையோரத் தட்டுக்குப் போயின. அவற்றின் இடத்தில் மீன் டின்கள் வந்தன. மேலே சீனியும் பருப்பும் நிரப்பி லாபிர் பலகையின் முன்விளிம்பை அழுத்திப் பார்த்தார். அசையவில்லை.

யட்டவத்தை பாஸுக்குப் போன் எடுத்து, வரவேண்டாம் என்றார். பிறகு பின்னறைக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டும் என்றார்.

“செய்யலாம்,” என்றேன். “ஆனா எந்தக் கை எங்க நிக்கும்னு எங்க புள்ளதான் சொல்லும்.”