ஓடாத மெஷினுக்குப் புதுத் தேதி

மருந்து பாட்டிலுக்கு மூடி அடிக்கும் தொழில் எங்களுடையது. இருப்பதே ஒரு மெஷின். பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் அதன் ஸ்க்ரூ உடைந்ததும், வீட்டுக்காரர் புதுசு வாங்க வெளியூர் கிளம்பிவிட்டார். சரக்கு தாமதமாகும் என்று கம்பெனிக்குச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. கெட்ட சேதி சொல்ல மட்டும் நான் முதலாளியம்மா!

மூடி வாங்கும் கம்பெனியின் பர்ச்சேஸ் அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் 'காது'. யார் தேதி சொன்னாலும் நம்பமாட்டார். போனை மெஷின் பக்கம் பிடிக்கச் சொல்லி, ஓடும் சத்தம் கேட்டால்தான் திருப்தி. அவர் ஆர்டர் கைவிட்டுப் போனால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"சார், ஸ்க்ரூ உடைஞ்சிருச்சு. ரெடியா இருக்கற மூடியை நாளைக்கே அனுப்பிடறோம், உங்க பாட்டில் லைன் நிக்காது. புது ஸ்க்ரூ மாட்டி, சாம்பிளை நீங்க ஓகே பண்ணினதும், மீதியை அடுத்த வாரம் பாதி, அதுக்கடுத்த வாரம் பாதி."

"போனைப் பிடிங்க."

பிடித்தேன். மெயினை அணைத்து ஃபியூஸையும் பிடுங்கியிருந்தோம்.

"நல்லாத்தானே ஓடுது? யார்கிட்டம்மா கதை விடறீங்க? பழைய தேதிக்கே சரக்கு வரணும்."

எனக்குச் சுருக்கென்றது. "நேர்ல வந்து பாருங்க சார்!"

மத்தியானமே வந்துவிட்டார். கழற்றிப்போட்ட பாகங்களைப் பார்த்தார், ஸ்க்ரூ இல்லாத குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைத் தெருவுக்குப் போகச் சொல்லி, மெஷின் அருகிலிருந்தே எனக்குப் போன் போட்டார்.

போனில் மெஷின் ஓடும் சத்தம்: மூடி வார்க்கும் அச்சு டப்பென்று மூடியது. உஸ்ஸென்று திறந்தது. மறுபடி டப். வாசல் வழியே பார்த்தால் மெஷின் அசையாமல் கிடந்தது. கேட்டதை அவரிடம் சொன்னேன்.

விறுவிறுவென்று வெளியே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்க சொன்ன தேதியே இருக்கட்டும். மெயில் போடுங்க. ஆனா இதுவும் தவறினா ஆர்டர் என் கையில இல்ல" என்றவர், திரும்பிப் பார்க்காமல் வண்டியேறினார்.

மெயில் போட்டேன். சம்மதம் என்று பதிலும் வந்தது. பயமெல்லாம் பறந்து, இருந்த இடத்திலிருந்தே வீட்டுக்காரரை அழைத்தேன். இருந்த இடம் மெஷின் பக்கத்து மேஜை. சந்தோஷத்தில் புத்தி எங்கே வேலை செய்தது?

"ஏங்க, ஒத்துக்கிட்டாங்க!"

"அட, மெஷின் ஓடுதே! மெஷின் ஓட்டற தம்பி அந்தப் பழைய ஸ்க்ரூவையே தேத்தி மாட்டிட்டானா? கெட்டிக்காரன்!"

"ஓடலைங்க! ஸ்க்ரூ வாங்காம வந்துடாதீங்க!"

"என்ன? சத்தத்துல ஒண்ணும் கேக்கல. கடைசி ஸ்க்ரூவாம், இன்னொருத்தர் கேட்டுட்டு நிக்கிறார். அவருக்கே விட்டுடறேன். போன்ல சார்ஜ் வேற இல்ல."

தெருவுக்கு ஓடி மறுபடி அழைத்தேன். போன் அணைந்திருந்தது.