எழுபத்தைந்துக்கு எழுபத்தைந்து

பாலாநகரில் இருந்த விந்தியா இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் தொழிற்சாலையின் தலைமைச் சமையல்காரர் ரங்கையா, மாதாப்பூரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனி இரண்டு மடங்கு சம்பளம் தருவதாகச் சொன்னதும் மூன்று நாள் நோட்டீஸில் கிளம்பிவிட்டார். அது 2005. அந்த வருஷம் ஐதராபாத்தில் கரண்டி பிடிக்கத் தெரிந்தவனுக்குக்கூட மாதாப்பூரிலிருந்து அழைப்பு வந்துகொண்டிருந்தது. நானூறு பேருக்குச் சாப்பாடு போடும் கேன்டீன் தலையில்லாமல் நின்றது. புதியவரைத் தேர்ந்தெடுக்க ஒரு கமிட்டி போட்டார்கள்.

கமிட்டிக்குத் தலைவர் பர்சனல் பிரிவின் டெபுடி மேனேஜர் பத்ரிநாராயணன். பர்ச்சேஸிலிருந்து ஸ்டெல்லா. தொழிலாளர் சார்பில் அப்துல் காதர். இந்த மூவரும் மார்க் போடுபவர்கள். மார்க்கைக் கூட்டிக் கணக்குப் பார்க்கும் வேலை மட்டும் ரோகிணியுடையது. அவள் பர்சனலில் அசிஸ்டென்ட். மல்காஜ்கிரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பத்ரிநாராயணனுக்குக் கும்பகோணம், ஸ்டெல்லாவுக்கு நாகர்கோவில், காதருக்கு வாணியம்பாடி. ஆக, கமிட்டியின் குறிப்பு ஆங்கிலத்திலும் சண்டை தமிழிலும் நடந்தது.

மார்க் ஷீட்டைத் தயாரித்தவள் ரோகிணிதான். எல்லாவற்றுக்கும் பத்துக்கு மார்க். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே எடை இல்லை. சமைத்துக் காட்டுவதற்கு நாற்பது சதவீதம். அனுபவத்துக்கு முப்பது, இரண்டு வருஷத்துக்கு ஒரு மார்க். சுத்தம், சரக்கு நிர்வாகம் பற்றிய நேர்முகத்துக்கு இருபது. சான்றிதழுக்குப் பத்து, டிப்ளமோவுக்கு முழு மார்க், உணவு கையாளும் பயிற்சிச் சான்றிதழுக்கு ஆறு, வெறும் பள்ளிப் படிப்புக்கு இரண்டு. கடைசியில் ‘இருவர் சமமாக வந்தால்’ என்று ஒரு வரியும் போட்டிருந்தாள். முதல் கூட்டத்திலேயே பத்ரிநாராயணன் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டார்.

“எதுக்கும்மா இது? நாலு விஷயம், மூணு பேர் மார்க்கு, அரை மார்க்கு வேற. இத்தனையும் கலந்து ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் வருமா? என் சர்வீஸ்ல பார்த்ததே இல்ல.”

பதினோரு பேர் வந்தார்கள். சமைத்ததைப் பெயர் போடாமல் எழுத்து ஒட்டிய கிண்ணங்களில் வைத்து மூவரும் ருசி பார்த்தார்கள். மார்க் போடும் உரிமை இல்லாத ரோகிணி, எல்லோரும் போன பிறகு D என்ற கிண்ணத்தில் மீந்திருந்த வத்தக்குழம்பை ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தாள். ஏழு வருஷமாக அந்தக் கேன்டீனில் காரத்தில் கண்ணில் நீர் வரச் சாப்பிட்டவள் அவள். அந்த ஒரு ஸ்பூனில் அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. D என்பது மௌலா அலியில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் பதினெட்டு வருஷம் சமைத்த வேதவல்லி என்று பின்னால் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து மீட்டிங் ரூமில் கணக்கைத் திரையில் காட்டினாள். காட்டிவிட்டு, தொண்டையைக் கனைத்தாள்.

“சார், மொத ரெண்டு பேரும் எழுபத்தஞ்சு.”

“எழுபத்தஞ்சு புள்ளி?” என்று கேட்டார் பத்ரிநாராயணன்.

“புள்ளி சைபர், சார். ரெண்டு பேருக்குமே.”

வேதவல்லிக்குச் சமையலில் எட்டு, அனுபவத்தில் ஒன்பது, நேர்முகத்தில் ஏழு, சான்றிதழில் இரண்டு. எடை போட்டால் முப்பத்திரண்டு, இருபத்தேழு, பதினான்கு, இரண்டு. இன்னொருவன் சந்தீப், கேட்டரிங் டிப்ளமோ முடித்துப் பத்து வருஷம் ஹோட்டல்களில் இருந்தவன். சமையலில் ஏழரை, அனுபவத்தில் ஐந்து, நேர்முகத்திலும் சான்றிதழிலும் பத்துக்குப் பத்து. முப்பது, பதினைந்து, இருபது, பத்து. எப்படிக் கூட்டினாலும் எழுபத்தைந்துதான். பத்ரிநாராயணன் தன் கால்குலேட்டரில் மூன்று தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, பேட்டரி வீக் என்றார்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார் காதர். “சமமா வந்தா அனுபவம் அதிகமா இருக்கறவங்களுக்கு. அந்தம்மா பதினெட்டு வருஷம் அடுப்புல நின்னிருக்காங்க.”

“அப்படிப் பாத்தா படிப்பு அதிகமா இருக்கவனுக்குன்னு நான் சொல்லுகேன்” என்றார் ஸ்டெல்லா. “ஸ்டோர்ல எது பழைய அரிசி, எது புதுசுன்னு எழுதி வைக்கத் தெரிஞ்ச ஒருத்தன் வந்தா என் பாதித் தலைவலி போயிரும். இன்னொன்னும் யோசிங்க. கமிட்டில உட்காந்திருக்க நாலு பேரும் தமிழ். நாலு பேரும் சேந்து ஒரு தமிழ்க்காரியப் போட்டுட்டாங்கன்னு ஷாப் ஃபுளோர்ல பேசுவாங்களா மாட்டாங்களா?”

“சண்டை வேண்டாம். கவர்மென்ட் வழக்கம் இருக்கு” என்று கையைத் தூக்கினார் பத்ரிநாராயணன். “பிறந்த தேதி. வயசுல மூத்தவாளுக்குத்தான் முன்னுரிமை.” சொல்லிவிட்டு விண்ணப்பங்களைப் புரட்டினார். சந்தீப்புக்கு முப்பத்தொன்று, வேதவல்லிக்கு நாற்பத்தாறு. அவர் சந்தீப்பின் நேர்முகத்தில் மயங்கிப்போய் முழு மார்க் போட்டவர். “ஆனா பாருங்கோ, அது ஆபீஸ் உத்தியோகத்துக்கு. அடுப்படி வேலைக்கு இளமைதான் முக்கியம்.”

“கைக்கு? ஏன் சார், தேதியப் பாத்துட்டு ரூலை மாத்தறீங்களே!” என்று காதர் எழுந்துவிட்டார். “சரி, நான் ஒரு வழி சொல்றேன். நாம எடுக்கறது சமையல்காரர். சமையலுக்கு நாப்பது பத்தாது. நாப்பத்தொண்ணு ஆக்குங்க. அனுபவத்துலேருந்து ஒண்ணு எடுத்துக்குங்க. ருசி யாருது ஜாஸ்தியோ அவங்க மேல வரட்டும்.”

ரோகிணி இரண்டு எண்களை மாற்றி என்டர் தட்டினாள். வேதவல்லி எழுபத்து நான்கு புள்ளி ஒன்பதுக்கு இறங்கினாள். சந்தீப் எழுபத்தைந்தே காலுக்கு ஏறினான்.

காதர் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். “சமையல்ல அந்தம்மாதானே ஜாஸ்தி? சமையலுக்குக் கூட்டினா அந்தம்மா எப்படி இறங்கறாங்க? மெஷின் கெட்டுப்போச்சா?”

“மெஷின் நல்லாதான் இருக்கு, பாய்” என்றாள் ரோகிணி. “சமையல்ல ரெண்டு பேருக்கும் அரை மார்க்குதான் வித்தியாசம். அனுபவத்துல நாலு மார்க்கு. நீங்க அவங்களுக்குப் பெரிய லாபம் இருக்கற எடத்துலேருந்து எடுத்து, சின்ன லாபம் இருக்கற எடத்துல போட்டுட்டீங்க.”

“நக்கோ, நக்கோ, வேண்டாம். பழையபடியே வைங்க. சர்டிபிகேட்லேருந்து எடுங்க.”

சான்றிதழிலிருந்து ஒன்றை எடுத்துச் சமையலில் போட்டதும் வேதவல்லி எழுபத்தைந்து புள்ளி ஆறு, சந்தீப் எழுபத்து நான்கே முக்கால். காதர் முகம் மலர்ந்தது. ஸ்டெல்லாவின் முகம் சுருங்கியது. அவர் உடனே நேர்முகத்துக்கு இரண்டு கூட்டச் சொன்னார். பத்ரிநாராயணன் டீ கொண்டுவரச் சொன்னார். டீ வந்து ஆறிப்போகும்வரை எடைகள் ஏறி இறங்கின. முதலிடம் ஐந்து தடவை கை மாறியது.

“சீட்டுக் குலுக்கிப் போட்டுடலாமா?” என்று கேட்டார் பத்ரிநாராயணன், களைத்துப்போய்.

“ஆடிட்டர் கேட்டா சீட்டைக் காட்டுவீங்களா?” என்றார் ஸ்டெல்லா.

ரோகிணி எடைகளைப் பழையபடி மாற்றிவிட்டுத் திரும்பினாள். “சார், பேரைப் பாத்துட்டு ரூல் போட்டா எந்த ரூல் போட்டாலும் அது ஆளைப் பாத்துப் போட்டதாத்தான் இருக்கும். நம்ம நாலு பேருக்கும் இப்ப ஆள் தெரிஞ்சுபோச்சு. இந்த ரெண்டு பேரையும் தெரியாத ஒருத்தர்தான் சொல்லணும். பிளான்ட் ஹெட் சந்தானம் சார்கிட்ட பேர், மார்க்கு எதுவும் சொல்லாம கேக்கலாம். நாலு விஷயத்தையும் எடையையும் மட்டும் காட்டி, சமமா வந்தா எதை மொதல்ல பாக்கறதுன்னு எழுதி வாங்கிடலாம். அவர் எதைச் சொன்னாலும் ஒத்துக்கறோம்னு இப்பவே மூணு பேரும் கையெழுத்துப் போடணும்.”

மூவரும் போட்டார்கள். சந்தானம் சாப்பாட்டுப் பிரியர் என்பதால் காதர் சந்தோஷமாகவே போட்டார். உண்மையில் ரோகிணியும் அதையேதான் நினைத்தாள். நாற்பது சதவீதம் உள்ள சமையலைத்தான் யாரும் முதலில் சொல்வார்கள். அரை மார்க்கில் வேதவல்லி வந்துவிடுவாள். நாக்கில் அந்த வத்தக்குழம்பு இன்னும் இருந்தது.

மாடியில் சந்தானம் ஏதோ ஒரு சர்க்யூட் போர்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோகிணி பெயரில்லாத தாளை நீட்டி விஷயத்தைச் சொன்னாள்.

“ருசி ஏற்கெனவே நாப்பது பெர்சென்ட் பேசிடுச்சில்ல?” என்றார் அவர். “அப்புறமும் சமம்னா ரெண்டு பேருமே நல்லா சமைக்கறாங்கன்னு அர்த்தம். போன வருஷம் ஒரு நாள் தயிர் சாதம் கெட்டுப்போய் செகண்ட் லைன்ல பாதிப் பேர் வயித்தைப் பிடிச்சிக்கிட்டு ஓடினாங்க. டெலிவரி நின்னுபோச்சு. அதனால சுத்தம் பத்தின மார்க்கு மொதல்ல. அதுவும் சமம்னா சமையல். அதுவும் சமம்னா அனுபவம். போதுமா?” எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

ரோகிணி தாளை வாங்கிக்கொண்டு படியில் இறங்கினாள். பாதியில் நின்றாள். திரும்பிப் போய், ‘சார், சமையல்காரர் வேலைக்குச் சமையலை மொதல்ல வைக்கக் கூடாதா?’ என்று ஒரு வார்த்தை கேட்டால் அவர் மாற்றிக் கொடுத்துவிடுவார். நல்ல மனுஷர். கேட்பது தப்பும் இல்லை. ஆனால் அவர் பதில் அவளுக்குப் பிடித்தபடி இருந்திருந்தால் திரும்பிப் போயிருப்பாளா? போயிருக்க மாட்டாள். தன்னையே மனசுக்குள் நன்றாகத் திட்டிக்கொண்டு மீதிப் படிகளை இறங்கினாள்.

தாளைப் படித்ததும் ஸ்டெல்லா புன்னகைத்தார். பத்ரிநாராயணன், “நான் அப்பவே சொன்னேன்” என்றார். எதைச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. காதர் நீளமாக மூச்சு விட்டார்.

“ஹவ், சரிதான். கையெழுத்துப் போட்டாச்சு. பேர் தெரியாத மனுஷன் சொன்னது. யூனியன்ல கேட்டா நானே சொல்றேன்.”

சந்தீப் முதலிடம். வேதவல்லி இரண்டாமிடம், காத்திருப்போர் பட்டியலில். அந்தப் பட்டியல் ஒரு வருஷம் செல்லும். அவளுக்குப் போன் செய்யும் வேலையை ரோகிணி வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

“ரெண்டாவதா? எத்தனை மார்க்கும்மா வித்தியாசம்?” என்று கேட்டாள் வேதவல்லி.

“வித்தியாசம் இல்லம்மா. ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்கு.”

“ஒரே மார்க்கு எடுத்து எப்படிம்மா ரெண்டாவதா வர முடியும்?”

ரோகிணி எல்லாவற்றையும் சொன்னாள். சுத்தம் பற்றிக் கேட்டபோது சந்தீப் தண்ணீர் பரிசோதனை முதல் மீந்த சாதத்தை எப்படி ஆறவைப்பது என்பது வரை சொன்னதையும், வேதவல்லி ‘கை அலம்பிட்டுத்தான் தொடுவேன், வேற என்ன?’ என்று முடித்துக்கொண்டதையும் ஒளிக்கவில்லை. மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது.

“செய்யறதெல்லாம் வாயால வேற சொல்லணும்னு எனக்குத் தெரியாதும்மா. தண்ணி டேங்கை நான்தான் வாராவாரம் நின்னு கழுவ வைக்கிறேன். சரி விடு. அந்தப் பயிற்சிச் சர்டிபிகேட்டுன்னு சொன்னியே, அது இருந்திருந்தா?”

“ரெண்டு ஆறாயிருக்கும். மொத்தம் எழுபத்தொம்பது. நீங்கதான் மொதல்ல.”

“அடிப்பாவி! அது எங்க குடுக்கறா, சொல்லு. பென்சில் எடுத்துண்டு வரேன்.”

ரோகிணி விலாசம் சொன்னாள். மழைக்காலத்தில் ஆர்டர் பெருகி இரண்டாவது ஷிப்டு தொடங்கியபோது கேன்டீனுக்கு இன்னொரு தலைமைச் சமையல்காரர் தேவைப்பட்டது. பட்டியல் இன்னும் செல்லுபடியாக இருந்தது. சந்தீப்பே வந்து, “மேடம், சீக்கிரம் யாரையாவது போடுங்க, என்னால ரெண்டு ஷிப்டும் முடியாது” என்று தெலுங்கில் கெஞ்சினான்.

வேதவல்லி சேர்ந்த அன்று, பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழைக் கையில் பிடித்தபடி நேராகச் சமையலறைக்குள் போனாள். மூடிகளைத் திறந்து, சாம்பாரை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள்.

“யாருப்பா இங்க சந்தீப்பு?” என்று கேட்டாள். “சுத்தத்துல பத்துக்குப் பத்து சரிதான். இதுல உப்பு எங்கப்பா?”