பெயரில்லாத கட்டுரைக்கு மதிப்பெண்

தன் குறையைத் தானே காண்பவனே ஞானி என்று ஆசிரியர் வகுப்பில் முழங்கினார். அவருக்குப் பதவி உயர்வு தரலாமா என்று பார்க்க வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்த தலைமையாசிரியை கொட்டாவியை விழுங்கினார்.

மாணவர்கள் மதிப்பிட்டுப் பழக, பெயரில்லாத கட்டுரை ஒன்றை ஆசிரியர் கொடுத்தார். தெளிவான கருத்தும் அதற்குச் சான்றும் இருக்கின்றனவா என்று பார்த்து, காரணத்தோடு மதிப்பெண் சொல்ல வேண்டும். அவரே எழுதியது என்பதால் மீசையைத் தடவிக்கொண்டார்.

"கருத்து இருக்கு சார். சான்றுதான் மருந்துக்கும் இல்ல. ரெண்டாவது பத்தியில ஒரு உதாரணம் சேர்த்தா தேறிடும்," என்றாள் முன்வரிசை வாயாடி.

"ஆளைத் திட்டாதேம்மா!"

"கட்டுரையைத்தானே சார் சொன்னேன்?"

"நீங்க எவ்வளவு போடுவீங்க சார்?" என்றார் தலைமையாசிரியை.

ஆசிரியர் கட்டுரையை மறுபடி படித்தார்.

"பாதிதான் மேடம்."

பதவி உயர்வு விண்ணப்பத்தோடு அவர் இணைத்திருந்ததும் அந்தக் கட்டுரைதான்.