விடுமுறைக்கு நிரப்பி வைத்த தண்ணீர்

சோதனைக்கு நாள் குறிப்பது வினோதாவின் வேலை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நொறுக்குத்தீனி செய்கிற ஒரு தொழிற்சாலைக்கு அவளுடைய கம்பெனி கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டியிருந்தது. அதை ஒப்படைக்க வேண்டுமானால் எழுபத்திரண்டு மணி நேரம் விடாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். தொழிற்சாலையின் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு இன்ஜினியர்கள் வந்து கூடவே நிற்பார்கள். சுத்தமாகி வெளியேறும் தண்ணீரை அவர்கள் கண்ணெதிரே பாட்டிலில் பிடித்து, முத்திரை வைத்து, லேபுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் இல்லாதபோது நிலையம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் ஓடாததற்குச் சமம்.

இரண்டு முறை நாள் குறித்து இரண்டும் கெட்டுப்போயிருந்தன. முதல் முறை இன்ஜினியர்கள் வரவில்லை. இரண்டாம் முறை அவர்கள் வந்து நின்றபோது, தொட்டிக்குக் காற்றடிக்கும் புளோயரின் மோட்டார் புகைந்துவிட்டது. மூன்றாவது முறைக்கு அவர்கள் விட்ட ஒரே இடைவெளி, ஆயுதபூஜை விடுமுறை முடிந்த வெள்ளிக்கிழமை காலை முதல் திங்கள் காலை வரை.

அந்த நாளுக்காக ஒருவன் எட்டு மாதமாகக் காத்திருந்தான். நிலையத்தை ஓட்டும் யேசுதாஸ், லேபர் கான்டிராக்டரின் ஆள். சோதனை தேறினால் நிலையத்தோடு சேர்த்து அவனையும் தொழிற்சாலையே தன் ஆளாக எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. நாற்பத்தாறு வயதில் முதல் நிரந்தர வேலை. அவனுடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். சாணிக் கரைசலும் வெல்லமும் ஊற்றி, வேறு நிலையத்திலிருந்து சேறு கொண்டுவந்து கலந்து, தொட்டியில் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்களை வளர்த்தவன் அவன்தான். அவற்றைப் பசங்க என்பான். தினமும் காலையில் வினோதாவுக்கு ஒரு செய்தி வரும்: “பசங்களுக்கு நாஷ்டா குட்த்தாச்சு மேடம்.”

வினோதா எதையும் பட்டியல் போட்டுத்தான் செய்வாள். போட்ட பட்டியலை மூன்று தடவை பார்ப்பாள். அப்படியும் ஏதோ விட்டுப்போனது போலவே இருக்கும். பத்து நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்பு, நீரோட்ட மீட்டருக்குச் சான்றிதழ், லேப் ஆள், இன்ஜினியர்களுக்கு அறை, மின்வெட்டு இருக்கிறதா என்று துணை மின்நிலையத்தில் விசாரணை. எல்லாம் முடித்த பிறகுதான் அது உறைத்தது. புதனும் வியாழனும் தொழிற்சாலை மூடியிருக்கும். கழிவுநீர் வராது. இரண்டு நாள் பட்டினி போட்டால் பசங்கள் சோர்ந்துவிடுவார்கள்.

அதற்கும் வழி கண்டுபிடித்தாள். செவ்வாய்க்கிழமை வருகிற தண்ணீரையெல்லாம் சேகரிப்புத் தொட்டியில் விளிம்பு வரை பிடித்துவைப்பது. அதை விடுமுறையில் மணிக்கு ஆயிரம் லிட்டராகப் பசங்களின் தொட்டிக்கு இறக்குவது. துளசிராமன் சார், அவளுடைய மேலாளர், பட்டியலைப் பார்த்துவிட்டு முதல் தடவையாக நல்ல வார்த்தை சொன்னார்.

செவ்வாய் மாலை அவள் பொன்னேரியில், வேலைக்குப் பின் படிக்கும் டிப்ளமோ வகுப்பில் இருந்தாள். யேசுதாஸ் இரண்டு முறை அழைத்தான். எடுக்க முடியவில்லை. பிறகு செய்தி அனுப்பினான்: “தண்ணி வாசன வேற மாரி கீது மேடம். பிளீச்சிங் அடிக்கிது. உடலாமா?”

போர்டில் ஒரு கணக்கு பாதியில் நின்றிருந்தது. மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு அவள் தட்டினாள்: “பிளான்படி விடுங்க அண்ணா.”

புதன்கிழமை தொட்டி மேல் வெள்ளை நுரை நிற்கும் படம் வந்தது. புளோயருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது ஓரத்தில் தெரிந்தது. புதுத் தொட்டியில் நுரை சகஜம் என்று புத்தகத்தில் படித்திருந்தாள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தைப் பதிலாக அனுப்பினாள்.

வியாழன் நண்பகலில் அவனே பம்பை நிறுத்திவிட்டு அழைத்தான். அவள் ரயில் பிடித்து வந்து சேர்ந்தபோது ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையில் தொட்டித் தண்ணீரை எடுத்து வைத்திருந்தான். நன்றாக இருந்த நாட்களில் அரை மணியில் பழுப்புச் சேறு கீழே படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். இப்போது மேலும் கீழும் ஒரே கலங்கல், அரிசி கழுவிய நீர் போல. மழை நனைத்த மண்ணின் வாசனை போய் அழுகல் வீசியது.

“பசங்க பூட்டாங்க மேடம்” என்றான் யேசுதாஸ்.

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று அவனே சொன்னான். ஆயுதபூஜைக்காகத் தொழிற்சாலை முழுவதையும் கழுவியிருந்தார்கள். வறுக்கும் சட்டிகளைக் காஸ்டிக் சோடா போட்டுத் தேய்த்து, தரை முழுக்க மூட்டை மூட்டையாகப் பிளீச்சிங் பவுடர் கொட்டி. வருடத்துக்கு ஒரு நாள் அப்படிக் கழுவுவார்கள். அந்தத் தண்ணீரைத்தான், ஒரு சொட்டு வீணாகாமல், அவள் பிடித்துவைக்கச் சொல்லியிருந்தாள். அவளுடைய கம்பெனியிலும் அதே நாள் கணினிகளைத் துடைத்துப் பொட்டு வைத்திருந்தார்கள். அவளும்தான் துடைத்தாள்.

தேதியைத் தள்ளலாமா என்று துளசிராமனைக் கேட்டாள். இன்ஜினியர்கள் விமானம் ஏறியாகிவிட்டது, வரட்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்த இன்ஜினியர்களில் மூத்தவர் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். சோதனையைத் தொடங்க மறுத்துவிட்டார். லேப் ஆள் காலி பாட்டில்களைத் திரும்பப் பெட்டியில் அடுக்கினான்.

மீட்டிங் அறையில் குறிப்பு எழுதும் வேலையும் வினோதாவுடையதுதான். காரணம் என்ற இடத்தில், விடுமுறைக்கான திட்டத்தில் கழுவும் நீர் கவனிக்கப்படவில்லை என்று தட்டினாள். துளசிராமன் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி வாசித்தார். திட்டத்தில் தவறு என்று எழுதினால் ஒப்பந்தப்படி நிலையத்தையே நிராகரிக்கலாம், இயக்கியவர் தவறு என்றால் இன்னொரு தேதி கிடைக்கும் என்று தணிந்த குரலில் விளக்கினார். எதிரே இருந்தவர்களும் மறுக்கவில்லை. அறிவிக்காமல் பிளீச்சிங்கை வடிகாலில் விட்டது தங்கள் தொழிற்சாலை என்று தலைமை அலுவலகத்துக்கு எழுத அவர்களுக்கும் விருப்பமில்லை.

துளசிராமன், யேசுதாஸ் தினமும் எழுதிவரும் லாக் புத்தகத்தைப் பிரித்து அவள் முன் வைத்தார்.

“அவனே எழுதியிருக்கான் பாரு. செவ்வாய் சாயந்திரம் ஆறே முக்கால், வால்வு திறந்தேன். யாரு சொல்லித் திறந்தேன்னு எழுதல. வேற ஏதாச்சும் ஆதாரம் இருக்குதா?”

அவள் போன் மேசை மேல் கவிழ்ந்து கிடந்தது. அதைத் திருப்பினால் போதும். அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். இயக்குபவரின் கவனக்குறைவு, இயக்குபவர் மாற்றப்படுவார் என்று அவர் சொல்லச் சொல்லத் தட்டினாள். மறு சோதனை நவம்பர் ஏழு, வெள்ளி. நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். நான்காவது அவள்.

தொட்டிக்கு அவள் திரும்பியபோது யேசுதாஸ் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு டிரம்மில் வெல்லம் கரைத்துக்கொண்டிருந்தான். பக்கத்துக் கம்பெனியில் ஒரு டேங்கர் சேறு கேட்டிருப்பதாகவும் நாளைக்கு வந்துவிடும் என்றும் சொன்னான்.

“அண்ணா, லாக் புக்ல நான் சொன்னேன்னு ஏன் எழுதல?”

அவன் கையால் கலக்குவதை நிறுத்தவில்லை. “நீ படிச்சிக்கினு கீற பொண்ணு. உன் பேரு எதுக்கு அதுல. எனக்கு இன்னா, திட்டுவானுங்க, அவ்ளோதானே.” அது வரை மேடம் என்று மட்டுமே அழைத்தவன். “அடுத்த தேதி இன்னா சொன்னாங்க?”

“நவம்பர் ஏழு.”

அவன் வெல்லம் ஒட்டிய விரல்களில் எண்ணினான். “முப்பத்தஞ்சு நாளு. எழுப்பிடலாம் மேடம்.”

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் பம்பின் மேல் வைத்திருந்த அவன் போன் அடித்தது. திரையில் கான்டிராக்டரின் பெயர். சேறு விஷயமாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே, யேசுதாஸ் கையைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு அதை எடுத்தான்.