மைனஸ் ஆறு

விடைத்தாள் திருத்தும் முகாமின் மூன்றாம் நாள் காலை, தலைமைத் தேர்வாளர் நாற்காலியை விட்டு எழாமலே அந்த அறிவிப்பைச் செய்தார்.

"முப்பத்தெட்டாவது கேள்விக்கு விடைக்குறிப்புல மைனஸ் ஆறுன்னு இருக்கு. அது அச்சுப்பிழை. ஆறுன்னு திருத்திக்கோங்க. மைனஸ் போட்டவங்களுக்குக் கடைசி ரெண்டு மார்க் கிடையாது."

அறையில் இருபது பேனாக்கள் தலையாட்டின. மூன்றாம் மேசையில் இருந்த ஒரு கணக்கு டீச்சரின் பேனா மட்டும் நின்றுவிட்டது. கேள்வியை மறுபடி படித்தாள். x² − 2x + 5 = 0 என்ற சமன்பாட்டின் மூலங்கள் α, β எனில், மூலங்களைக் காணாமல் α² + β² காண்க. கூடுதல் இரண்டு, பெருக்கற்பலன் ஐந்து. கூடுதலின் வர்க்கத்திலிருந்து பெருக்கற்பலனின் இருமடங்கைக் கழித்தால் நான்கு கழித்தல் பத்து. மைனஸ் ஆறு. இதில் பிழை எங்கே இருக்கிறது?

அவளுக்கு முன்னால் திறந்திருந்த தாளில் ஒரு பிள்ளை அதையே போட்டிருந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில், "எதிர்மறையாக வருகிறது, ஆனால் இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன்" என்றும் எழுதியிருந்தது. அந்த ஒரு வரியைப் படித்ததும் அவளுக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது.

"சார், விடைக்குறிப்பு சரியாத்தானே இருக்கு?"

"என்னம்மா பேசறீங்க? ரெண்டு வர்க்கத்தைக் கூட்டினா மைனஸ் வருமா? எட்டாங்கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

யாரோ சிரித்தார்கள்.

"மெய்யெண்ணா இருந்தா வராது சார். இங்க தன்மைகாட்டி நாலு கழித்தல் இருபது, மைனஸ் பதினாறு. மூலங்களே மெய்யெண் இல்ல."

"கலப்பெண் பத்தாம் வகுப்புப் பாடத்துலயே கிடையாது. பாடத்துல இல்லாததைப் பிள்ளைங்க தலைல கட்டாதீங்க. உக்காந்து திருத்துங்க."

பக்கத்து மேசைத் தோழி முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, விடுங்கக்கா. அந்தாளு புடிச்ச முயலுக்கு மூணே கால்."

"மூணு கால் முயலை அவர் வீட்டுல வளர்க்கட்டும். பிள்ளைங்க மார்க்ல எதுக்கு மேய விடணும்?"

அவள் எழுந்து நேராகக் கரும்பலகைக்குப் போனாள். சுண்ணக்கட்டி இரண்டாக உடைகிற அளவுக்கு அழுத்தி எழுதினாள்.

"கலப்பெண்ணே வேணாம் சார். α அந்தச் சமன்பாட்டை நிறைவு செய்யுது, சரியா? அப்போ α² = 2α − 5. β-வும் செய்யுது. β² = 2β − 5. ரெண்டையும் கூட்டுங்க. ரெண்டு தடவை கூடுதல், கழித்தல் பத்து. நாலு கழித்தல் பத்து. எவ்வளவு சார்?"

அவர் விடைக்குறிப்பைப் புரட்டினார்.

"மூலம் எப்படிப்பட்டதுன்னு தெரியாமலே, கூடுதலும் பெருக்கலும் வச்சுச் சொல்லுன்னுதான் கேள்வியே. சொன்ன பிள்ளையைத் தண்டிக்கறீங்க. இந்த விடைத்தாள் கட்டுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"முகாமை விட்டு அனுப்பிடுவேன், தெரியுமில்ல?"

"அனுப்புங்க. காரணத்தை எழுத்துல குடுத்து அனுப்புங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கடைசி மேசையில், எதற்கும் வாய் திறக்காததால் 'ஸ்கேல்' என்று பெயர் வாங்கிய மூத்த ஆசிரியர், பேனாவை மூடி வைத்தார். "நானும் போடல" என்றார். தோழியும் மூடினாள். அதன்பின் ஒவ்வொரு மூடியாக டக் டக்கென்று விழுந்தது.

தலைமைத் தேர்வாளர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். வினாத்தாள் குழுவிடம் பேசிவிட்டுத் திரும்பியவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "பழைய விடையே இருக்கட்டும்" என்றார். ஒரு வருத்தம் இல்லை, ஒரு 'தெரியாமச் சொல்லிட்டேன்' இல்லை.

"பக்கத்து அறைகளுக்கும் காலையிலேயே சொல்லிட்டீங்களே, அந்தக் கட்டெல்லாம்?" என்று கேட்டாள் டீச்சர்.

"முடிஞ்சு போனது போனதுதான்."

"போகல சார். ரெண்டு அறை தள்ளித்தான் இருக்கு." அவளே போய்ச் சுமந்து வந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அவளும் தோழியும் 'ஸ்கேலு'ம் உட்கார்ந்து, அடிக்கப்பட்ட இரண்டு மார்க்குகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார்கள். நாற்பத்தொரு பிள்ளைகள்.

நாற்பத்திரண்டாவது தாளில் மைனஸ் ஆறு என்று அழகாக எழுதி, பிறகு அதைக் கிழிகிற மாதிரி அடித்துவிட்டு, பக்கத்தில் ஆறு என்று எழுதியிருந்தது. பயந்துபோன கை. அடித்ததை விடையாக எடுத்துக்கொள்ள விதி இடம் தரவில்லை. கூடுதலுக்கு ஒன்று, பெருக்கற்பலனுக்கு ஒன்று, சூத்திரத்துக்கு ஒன்று என்று மூன்று போட்டாள்.

"இதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாதுக்கா" என்றாள் தோழி.

"தெரியும். அதான் எரியுது. 'வர்க்கம் கூட்டினா மைனஸ் வராது'ன்னு இந்தப் பிள்ளைக்கும் எவனோ ஒருத்தன் சத்தம் போட்டுச் சொல்லியிருக்கான்" என்று சொல்லி, அடுத்த தாளைப் புரட்டினாள்.