வீட்டுப் பாத்திப் போஞ்சி

என் மகள் மிதுஷா சோறு தின்னத் தொடங்கிய பிறகுதான் மரக்கறி கழுவுவது எனக்குப் பெரிய வேலையானது. அதுவரை பைப்புக்கடியில் ஒரு அலசு அலசிவிட்டுச் சட்டியில் போட்ட ஆள்தான் நான். பிள்ளைக்கு என்று போஞ்சிக் காயை அவித்து மசிக்கும்போது மனசு கேட்கவில்லை. எங்கள் பண்டாரவளைச் சந்தைக்கு வரும் மரக்கறியில் எவ்வளவு பூச்சிமருந்து இருக்கும் என்று எல்லோரும்தான் பேசுகிறார்கள்.

எனக்கு அந்தப் பயம் பாதிதான். என் தம்பி நிரோஷன் ஹல்துமுல்லையில் காணி எடுத்துப் போஞ்சியும் தக்காளியும் போடுகிறான். கிழமைக்கு ஒரு பை மரக்கறி பஸ்ஸில் கொடுத்தனுப்புவான். அம்மா கொழுந்து பறிக்கப் போன காலத்தில் நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். அவன் கையிலிருந்து வருவதைச் சந்தேகப்பட்டால் பிறகு எதைத்தான் நம்புவது?

அவனே ஒருநாள் போனில் சொன்னான், "அக்கா, பாப்பாவுக்குக் குடுக்கிறதுன்னா உப்புத் தண்ணியில கொஞ்ச நேரம் ஊறப்போட்டுக் கழுவு. எல்லாம் போயிரும்." எவ்வளவு அக்கறை என்று பூரித்துப்போனேன். அவன் அனுப்புவதில் பாதியை அடுத்த வீட்டுக் காமிலாவுக்கும் கொடுப்பேன். அவளுக்கும் சின்னப் பிள்ளைகள்.

காமிலா வினாகிரிக் கட்சி. "உப்பு புழுவ வெளிய எடுக்கத்தான். மருந்துக்கு வினாகிரிதான் யசோ," என்பாள். நான் உப்பை விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாக்குவாதம் முற்றி, மருந்து வெள்ளையாகத் திட்டுத்திட்டாய்ப் படிந்திருந்த தக்காளிகளைப் பங்கு போட்டோம். என் பங்கு உப்புத் தண்ணியில், அவள் பங்கு வினாகிரித் தண்ணியில். அவள் கணவர் ஹிஷாம் விவசாயிகளுக்கான கமநலக் கந்தோரில் வேலை செய்பவர். சிரித்துக்கொண்டே மிச்சத்தை எடுத்துப் பைப்பைத் திறந்து, ஒவ்வொன்றையும் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவி வைத்தார்.

ஊறியதைத் தொடாமல் எடுத்துப் பார்த்தோம். என் தக்காளியில் காம்படியில் வெள்ளை அப்படியே இருந்தது. காமிலாவினது கொஞ்சம் மேல், ஆனால் புளிச்ச நாற்றம். ஹிஷாமுடையதுதான் பளிச்சென்று இருந்தது.

"உப்பும் வினாகிரியும் சில மருந்துக்குக் கொஞ்சம் கூடக் கழட்டும், சிலதுக்கு ஒண்டும் செய்யாது," என்றார் அவர். "ஓடுற தண்ணியும் தேய்க்கிற கையுந்தான் முக்கால்வாசி வேலை செய்யிற. சவர்க்காரம் மட்டும் போட்டுராதீங்க. ஆனா ஒண்டு, நாம பாக்கிறது மேல படிஞ்சதத்தான். கண்ணுக்குத் தெரியாததும் இருக்கும். செடி உறிஞ்சி உள்ளுக்க எடுத்தத எதப் போட்டுக் கழுவினாலும் எடுக்கேலாது. மருந்து அடிச்சா, போத்தல்ல சொன்ன நாள் கழியிற வரைக்கும் பறிக்காம இருக்கணும். அது தோட்டக்காரன் கையில இருக்கு."

"அப்ப எனக்குப் பயமில்ல," என்றேன் பெருமையாக. "தோட்டக்காரன் என் தம்பி. நாள் விட்டுத்தான் பறிக்கிறேன்னு சொல்லியிருக்கான்."

அடுத்த பௌர்ணமிப் போயா லீவுக்கு மகளைத் தூக்கிக்கொண்டு நிரோஷன் வீட்டுக்குப் போனேன். அவன் காணியில் லொறிக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி கௌசிகா பின்பக்கம் போய் ஒரு கை போஞ்சி பறித்து வந்தாள். சமையலுக்கு உதவலாம் என்று நான் தண்ணீர் விழும் பீலியடியில் குந்தி, ஹிஷாம் காட்டியபடி ஒவ்வொரு போஞ்சியாகத் தேய்க்கத் தொடங்கினேன்.

கௌசிகா சிரித்தாள். "என்னா அண்ணி, துணி தொவைக்கிற மாதிரி தேய்க்கிறீங்க? மண்ணு போக ஒரு அலசு அலசினாப் போதும். இது வீட்டுப் பாத்தி. மருந்தே அடிக்கிறதில்ல."

என் கை நின்றது. "வீட்டுப் பாத்தியா?"

"எங்களுக்குன்னு தனியாப் போட்டிருக்கோம் அண்ணி. புள்ளைங்க திங்கிறது இல்லியா? லொறிக்குப் போறதுல எப்பிடிக் குடுக்கிறது? நேத்து முந்தாநாத்தான் அடிச்சாரு, இன்னிக்கி பறிக்கிறாரு..." சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. வாயைப் பொத்தவில்லை, அவ்வளவுதான்.

என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பச்சைப் போஞ்சி ஒன்றைச் சப்பிக்கொண்டிருந்தாள். பிடுங்கப் போனேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, இது நல்ல போஞ்சி. இத்தனை மாதத்தில் என் பிள்ளை வாயில் போன முதல் நல்ல போஞ்சி. விட்டுவிட்டேன்.

நிரோஷன் கை கழுவ வந்தான். நான் சுற்றி வளைக்கவில்லை.

"எனக்கு அனுப்புறது எதுலருந்துடா? வீட்டுப் பாத்தியிலருந்தா, லொறி மூட்டையிலருந்தா?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்தாள்.

"அது சின்னப் பாத்தி அக்கா. எங்களுக்கே காணாது."

"மருந்து அடிச்சு நாள் விட்டுத்தான் பறிக்கிறேன்னு சொன்னியே!"

"விலை இருக்கிறப்ப லொறிக்காரன் வந்து நிக்கிறான். நாள் விட்டா முத்திப்போயிரும், யாரு எடுப்பா? எல்லாருந்தான் அப்பிடிச் செய்றாங்க." குரல் கொஞ்சம் ஏறியது. "நீதான் நல்லாக் கழுவுவியே அக்கா. அதுக்குத்தானே உப்புத் தண்ணி சொன்னேன்."

அதுதான் என்னைக் கொன்றது. அக்கறை என்று நான் பூரித்துப்போன அந்தப் பேச்சு, அவன் மனசாட்சிக்கு அவன் போட்டுக்கொண்ட உப்பு. கழுவினால் போகாது என்று தெரிந்துதான் தன் பிள்ளைகளுக்குத் தனிப்பாத்தி போட்டிருக்கிறான். என் பிள்ளைக்கு உப்புத் தண்ணி. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்? வாய்விட்டு அழுதேன். வெட்கப்படவில்லை.

அவன் பயந்துபோனான். ஓடிப்போய் வீட்டுப் பாத்தியிலிருந்தே ஒரு சொப்பிங் பேக் நிறையப் பறித்து வந்து என் காலடியில் வைத்தான். "இனிமே ஒனக்கு இதுலருந்துதான் அக்கா. சத்தியமா."

"அந்த மூட்டையெல்லாம் எங்க போகுது?"

"அது பண்டாரவளைக்குக்கா. சந்தைக்கு."

"நான் எங்கடா இருக்கேன்?"

அவனுக்கு விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை. "ஒனக்குத்தான் இதக் குடுக்கிறேனே," என்றான்.

சாப்பிடாமல் கிளம்பினேன். பையை மட்டும் எடுத்துக்கொண்டேன். எறிந்துவிட்டு வந்திருக்க வேண்டும், கை வரவில்லை. ரோஷத்தை மசித்துப் பிள்ளைக்கு ஊட்ட முடியாதே. பஸ் ஏறி உட்கார்ந்தும் அந்தப் பை மடியில் கனத்தது.

வீட்டுக்கு வந்து இறங்கும்போதே காமிலா கதவடியில் நின்றாள். சின்னவன் அவள் இடுப்பில். பையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"தம்பி வீட்டுதா? தாங்க, நான் போய் வினாகிரி எடுத்திட்டு வாறன். சந்தையில வாங்கினா மனசுக்குச் சரியில்ல யசோ. உங்கட தம்பிட மரக்கறின்னாத்தான் நம்பிப் புள்ளைகளுக்குக் குடுக்கிறன்."

சொல்லாமல் இருந்தால் என் தம்பி நல்லவனாகவே இருப்பான். பையை அப்படியே அவள் கையில் கொடுத்தேன்.

"இதக் கழுவாமலே குடுக்கலாம் காமிலா," என்றேன். "இதுக்கு முந்தி நான் குடுத்தது எதையும் குடுத்திருக்கக் கூடாது."