உயிர் காத்த பெல்ட்

நூற்றிருபது அடி உயரத்தில் அந்தரத்தில் தொங்கிப் பிழைத்தவனிடம் உன் சாமி எது என்று கேட்டால், என் பெல்ட் என்றுதான் சொல்வான். ஜெயப்பிரகாஷ் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தான். அதில் அவனைக் குறை சொல்ல தனசேகரனுக்கு வாய் வரவில்லை. குறை சொன்னால் காண்ட்ராக்டரைத்தான் சொல்லவேண்டும், அவர் கள்ளக்குறிச்சியில் ஏசி ரூமில் உட்கார்ந்திருந்தார்.

நடந்தது இதுதான். கல்வராயன் மலை மேலே ஒரு செல்போன் டவர். ஆண்டெனா மாற்றும் வேலை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஜெயப்பிரகாஷ் ஏறினான். உச்சியில் எரியும் சிவப்பு விளக்குக்கு பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாகத் தனி லைன் போகிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. டெஸ்டர் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. தோல் உரிந்த வயரில் கை பட்டது, ஷாக் தூக்கி எறிந்தது. தோள், மார்பு, தொடை எல்லாம் சேர்த்துக் கட்டிய பெல்ட்டின் கொக்கி மேலே மாட்டியிருந்ததால் ஆறடியோடு நின்றான்.

டீம் லீடர் தனசேகரன்தான் ஏறிப்போய் இறக்கினான். ஏறும்போதே கத்திக்கொண்டு போனான்.

"டேய், கால ஆட்டிக்கினே இருடா! சும்மா தொங்கினா ரத்தம் கால்லயே தங்கிடும்! ஆட்டுடா பாவி!"

பாவி ஆட்டினான். பிழைத்தான்.

வீட்டுக்குப் போனதும் அவன் மனைவி செந்தமிழ்ச்செல்வி அந்தப் பெல்ட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பூ சுற்றி, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். மறுவாரம் அவன் அதை எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்தபோது கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ராசியான பெல்ட்டாம். டிரைவர் பூமாலை வாய்விட்டே கேட்டான், "எங்க பையன் டவர் வேலைக்கு வந்தா இதத்தான் குடுக்கணும், சொல்லிட்டேன்."

தனசேகரன் மட்டும் அதைத் தொடவில்லை. அவன் சென்னையில் இரண்டு நாள் டிரெயினிங் போய் வந்தவன். பெல்ட்டையும் கொக்கியையும் சேர்க்கும் நாடாவின் நடுவே உள்ளங்கை அளவு ஒரு பொட்டலம் இருக்கும். மடித்து மடித்துத் தைத்த நாடாதான் உள்ளே. ஆள் விழுந்தால் அந்தத் தையல் பட்பட்டென்று பிரிந்து நீளும், விழுந்த வேகத்தை அது வாங்கிக்கொள்ளும், முதுகெலும்பு தப்பிக்கும். ஒரு தடவைதான். ஒரு தடவை ஆளைப் பிடித்த பெல்ட்டை, மேலே கீறல்கூட இல்லாவிட்டாலும், அப்போதே அறுத்துப் போட்டுவிட வேண்டும்.

ஜெயப்பிரகாஷ் என்ன செய்தான்? பிரிந்து தொங்கிய பொட்டலத்தைப் பஸ் ஸ்டாண்டு செருப்புக் கடையில் கொடுத்து, முரட்டு நைலான் நூலில் இறுக்கித் தைத்து வாங்கிவந்திருந்தான்.

"பாருண்ணா, இனிமே பிரியவே பிரியாது," என்றான் பெருமையாக.

"அது பிரியணும்டா! பிரிஞ்சாதான் நீ பொழைப்ப!"

"இன்னாண்ணா நீ, பிரிஞ்சா எப்புட்ரா புடிக்கும்னு செருப்புக் கடை தாத்தாவே கேக்குறாரு."

யாரிடம் முட்டிக்கொள்வது? தனசேகரன் காண்ட்ராக்டர் அரங்கநாதனிடம் போய் நின்றான். அவர் செல்போனை விட்டுத் தலையைத் தூக்காமலே பேசினார்.

"அதான் ராசியான பெல்ட்டுன்னு எல்லாரும் சொல்றானுங்களே. அப்புறம் இன்னாத்துக்குப் புதுசு?"

"சார், அது செத்த பெல்ட்டு சார். அடுத்தவாட்டி விழுந்தா இடுப்பு ஒடஞ்சிடும், இல்ல நாடாவே அறுந்துடும்."

"சரி சரி, ஆர்டர் போடுறேன். கெளம்பு."

ஆர்டர் போடுகிற முகமா அது? பழையது கண்ணெதிரே தொங்கும்வரைக்கும் இந்த மனுஷன் புதியது வாங்கமாட்டார் என்று தனசேகரனுக்குத் திட்டமாகத் தெரிந்தது. வெளியே வந்தான். வேனில் கிடந்த பெல்ட்டை எடுத்தான். கேபிள் வெட்டும் கத்தியால் தோள் பட்டை, தொடைப் பட்டை, கொக்கி நாடா என்று ஒவ்வொன்றாக அறுத்தான். குங்குமம் கையில் ஒட்டியது.

ஜெயப்பிரகாஷ் ஓடிவந்து பார்த்துவிட்டு அழுதேவிட்டான். "உனக்கு இன்னாண்ணா கெடுதல் பண்ணேன்?"

"புதுசு வர்ற வரைக்கும் நீ ஏறக்கூடாது. நான் ஏறுறேன். புரிதா?"

பத்து நாள் அப்படியே ஓடியது. புதியது வரவில்லை. பதினோராம் நாள் காலையில் தனசேகரன் ரிஷிவந்தியம் பக்கம் ஒரு டவரில் இருந்தான். பாதி உயரத்தில் போன் அடித்தது. பூமாலை பேசினான்.

"அண்ணே, மலை டவரு அவுட்டாம். ஊரே போன் இல்லாம கெடக்குதாம். காண்ட்ராக்டரு என்னயும் ஜெயப்பிரகாஷயும் அனுப்பிட்டாரு. மேல மழ தூறிக்கினு இருக்கு. பெல்ட்டும் இல்லண்ணே."

"அப்புறம் டவர் கம்பெனில ஏறுறதுக்குப் பர்மிட் எப்புட்ரா குடுத்தாங்க? பெல்ட்டோட போட்டோ கேப்பாங்களே!"

"போன மாசத்து போட்டோவ காண்ட்ராக்டரே அனுப்பிட்டாருண்ணே."

"ஏறாதீங்கடா! ஈரக் கம்பிடா அது! அவன்கிட்ட குடு போன!"

அதற்குள் வண்டி மலை ஏறிவிட்டது, லைன் அறுந்தது. மேலே இருக்கிற ஒரே டவர்தான் செத்துக் கிடக்கிறதே, போன் எங்கே போகும்? திரும்பத் திரும்ப அடித்தான். அரங்கநாதனுக்கு அடித்தான். "அவன் எக்ஸ்பெர்ட்டுய்யா, நீ உன் வேலையப் பாரு," என்று வைத்துவிட்டார்.

தனசேகரன் இறங்கினான். அந்த அவசரத்திலும் ஒரு கொக்கியை மாட்டிவிட்டுத்தான் மறு கொக்கியைக் கழற்றி இறங்கினான். பழக்கம் அப்படி. தரையைத் தொட்டதும் பைக்கை எடுத்தான். கள்ளக்குறிச்சியைத் தாண்டி, கச்சிராயபாளையத்தை நெருங்கும்போது எதிரே அவர்கள் வேன் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு வந்தது. ஓட்டிவந்த பூமாலையின் முகத்தைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பினான்.

அறுபதடி. ஜெயப்பிரகாஷ் இடுப்பில் ஒரு கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஏறியிருக்கிறான். மேலே போய் உட்கார்ந்து வேலை பார்க்கும்போது கட்டிக்கொள்ளலாம், ஏறும்போது அது எதைப் பிடிக்கும்? மழை ஈரத்தில் பூட்ஸ் வழுக்கிவிட்டது. வேன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்முன்பே மூச்சு நின்றிருந்தது.

பிணவறை வாசலில் போலீஸ்காரர் எழுதிக்கொண்டிருந்தார். அரங்கநாதன் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"நான் பெல்ட்டு குடுத்துதான் சார் வெச்சிருந்தேன். இதோ நிக்கிறாரே டீம் லீடரு, இவருதான் கத்தியால அறுத்துப் போட்டாரு. கேளுங்க."

போலீஸ்காரர் நிமிர்ந்தார். "அறுத்தியா?"

"அறுத்தேன் சார். அது ஏற்கனவே ஒருவாட்டி ஆளப் புடிச்ச பெல்ட்டு. அதுக்குமேல தாங்காது. புதுசு கேட்டேன், வாங்கித் தரல."

"அறுத்தது உண்மதானே?"

"உண்மதான்."

அது மட்டும் தாளில் ஏறியது. தனசேகரனுக்கு அரங்கநாதனின் கழுத்தைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது. அதற்குள் சுவரோரம் உட்கார்ந்திருந்த செந்தமிழ்ச்செல்வி எழுந்து அவனிடம் வந்தாள். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் தேவலை. அவளுக்காவது புரியட்டும் என்று பொட்டலம், தையல், நாடா என்று ஆரம்பித்தான். அத்தனையும் சரி. ஒரு வார்த்தை பொய் இல்லை.

அவள் அதைக் கேட்கவே இல்லை. அவள் கண் அவன் தோளில் இருந்தது, மார்பில் இருந்தது, தொடையில் இருந்தது. ரிஷிவந்தியத்து டவரிலிருந்து இறங்கி அப்படியே பைக்கில் ஏறி வந்தவன், தன் பெல்ட்டைக் கழற்ற மறந்திருந்தான்.

"பத்து நாளா அவருக்குப் பெல்ட்டு இல்லன்னு உங்களுக்குத் தெரியும் இல்லண்ணா?" என்றாள். "உங்களுது நல்லாத்தானே இருக்கு."

தனசேகரன் தோள் பட்டையின் கொக்கியை அவிழ்க்க ஆரம்பித்தான்.